பௌர்ணமி சொல்லாததைப் புதன்கிழமை சொல்லும்

திருவண்ணாமலையில் தொழில் தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, அதில் நூற்றுக்கு ஒருவர் நம் கடைப் படியேறினால் போதும். கணக்கு பொய்யில்லை. சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பௌர்ணமி இரவில் பார்த்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பௌர்ணமிகள்தான். அவற்றோடு தீபத் திருவிழா நாட்களையும் சேர்த்துக்கொண்டாலும், மீதமுள்ள முந்நூற்றுச் சொச்சம் நாட்களிலும் கடன் வட்டியும் குத்தகையும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலீடு பிழைப்பதும் மூழ்குவதும் அந்த நாட்களில்தான்.

இதற்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து ஒன்று உண்டு: சின்னதாக ஆரம்பித்துப் பார்ப்போம், நன்றாகப் போனால் பெரிதாக்குவோம். நல்ல யோசனைதான். ஆனால் இப்படிச் சொல்பவரிடம் சில கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தச் சின்ன ஆரம்பத்துக்கு எவ்வளவு பணத்தை இழக்கலாம்? நன்றாகப் போகிறது என்பதை எந்த நாளில், எதை எண்ணித் தீர்மானிப்பது? பிற்பாடு பெரிதாக்க நினைக்கும்போது பக்கத்து மனை கையில் இருக்குமா? இந்தக் கேள்விகளை ஒரே தாளில் அடக்கிப் பதில் தேடும் முறைதான் நிகழ்தகவு போட்ட முடிவு மரம். முன்னோட்டத்துக்குப் பிறகு விரிவாக்கும் உரிமைக்கு அது ஒரு விலை சொல்கிறது. அந்த விலையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

தொழில் முடிவுகளுக்கு மரம் வரையும் பழக்கம் 1960களில் அமெரிக்காவில் பரவியது. ஹார்வர்டின் ஹோவர்ட் ரைஃபாவும் ராபர்ட் ஷ்லைஃபரும் 1961இல் அதன் கணித அடித்தளத்தை நூலாக்கினார்கள். 1964இல் ஜான் மேகி ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை அதை மேலாளர்களின் மேசைக்குக் கொண்டுபோனது. சிறிய ஆலை கட்டிவிட்டுப் பிறகு விரிவாக்குவதா, முதலிலேயே பெரிய ஆலையா என்பதுதான் மேகி எடுத்துக்கொண்ட உதாரணமும். 1977இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் இதே விஷயத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். பங்குச் சந்தையில் குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கும் உரிமைக்கு ஒரு விலை உண்டென்றால், ஒரு நிறுவனம் பின்னாளில் விரிவாக்கும் வாய்ப்புக்கும் விலை இருக்க வேண்டும் என்றார். இந்த இரண்டு மரபுகளுக்கும் இடையே ஒரு சச்சரவு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் ரூபாய்களும் சதவீதங்களும் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. தொழில், கிரிவலப் பாதையை ஒட்டிய கட்டணக் குளியலறையும் பை வைக்கும் லாக்கரும். இங்கே தங்கும் விடுதியை விட இதற்கு அதிகத் தேவை உண்டு என்று நினைக்க நியாயம் இருக்கிறது. பௌர்ணமிக்கு வருபவர்களில் பலர் தூங்க வருவதில்லை. இரவெல்லாம் நடந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய ரயிலை 2024 மே 2 முதல் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது கட்டணம் 50 ரூபாய். தொடங்கியபோது அது நள்ளிரவை ஒட்டி வந்து, விடியுமுன் கிளம்பும் ரயிலாக இருந்தது. அப்படி வந்து போகிறவருக்கு அறை எதற்கு? குளிக்க இடமும் பையை வைக்கப் பெட்டியும் கிடைத்தால் போதும்.

முழு அளவில் கட்டினால் 100 லட்சம் ரூபாய் ஆகும் என்று கொள்வோம். குத்தகை மனை, போர்வெல், செப்டிக் டேங்க், வெந்நீர் ஏற்பாடு எல்லாம் அதில் அடக்கம். சாதாரண நாளிலும் ஆள் வரும் இடமாக அது அமைந்தால், குத்தகைக் காலம் முழுவதும் கிடைக்கும் நிகர வரவு இன்றைய மதிப்பில் 180 லட்சம். பௌர்ணமிக்கு மட்டும் நிரம்பி மற்ற நாட்களில் காற்று வாங்கினால் 40 லட்சம். முன்னதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 40, பின்னதற்கு 60. இன்றே முழுதாகக் கட்டினால் எதிர்பார்க்கும் வரவு 96 லட்சம். செலவு 100 லட்சம். ஆக 4 லட்சம் நஷ்டம். வங்கிக்குப் போடும் வழக்கமான திட்ட அறிக்கை இந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லி நின்றுவிடும்.

மரம் இங்கிருந்துதான் கிளை விடுகிறது. நாம் முடிவெடுக்கும் இடத்தில் சதுரம் போடுவார்கள், நம் கையில் இல்லாத இடத்தில் வட்டம். முதல் சதுரத்திலிருந்து மூன்று கிளைகள் புறப்படுகின்றன: இன்றே கட்டு, விட்டுவிடு, முன்னோட்டம் நடத்து. முன்னோட்டம் என்பது வாடகைக் கட்டடத்தில் எட்டுக் குளியலறைகளும் கொஞ்சம் லாக்கர்களும். ஓர் ஆண்டு நடத்தினால், வரவைக் கழித்து 6 லட்சம் கைநட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளையின் நுனியில் ஒரு வட்டம் வருகிறது: முடிவு சாதகமா, பாதகமா. ஒவ்வொன்றுக்கும் அப்பால் மறுபடி ஒரு சதுரம்: விரிவாக்கு, நிறுத்து. அந்த இரண்டாவது சதுரத்தில்தான் நாம் தேடும் மதிப்பு இருக்கிறது. பாதக முடிவு வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற சுதந்திரம் நஷ்டக் கிளையை வெட்டிவிடுகிறது.

முன்னோட்டம் சோதிடம் அல்ல, அதுவும் பிசகும். உண்மையிலேயே நல்ல இடமாக இருந்தால் நூற்றுக்கு 80 தடவை சாதகம் காட்டும் என்றும், மந்தமான இடமும் நூற்றுக்கு 25 தடவை ஏமாற்றிச் சாதகம் காட்டும் என்றும் கொள்வோம். இதே போன்ற நூறு முயற்சிகளைக் கற்பனை செய்தால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். நூறில் 40 நல்லவை. அவற்றில் 32 சாதகம் காட்டும். மந்தமான 60இல் 15 சாதகம் காட்டும். சாதகம் காட்டிய 47இல் உண்மையாகவே நல்லவை 32, அதாவது நூற்றுக்கு 68. முன்னோட்டத்துக்கு முன் 40 ஆக இருந்த நம்பிக்கை இப்போது 68 ஆகியிருக்கிறது. பாதகம் காட்டிய 53இல் நல்லவை 8 மட்டுமே.

மரத்தைப் படிக்கும் முறை நுனியிலிருந்து அடிக்கு வருவது. சாதகம் கண்டு விரிவாக்கிய 32 நல்ல முயற்சிகளில் ஒவ்வொன்றும் 80 லட்சம் லாபம் தருகிறது. ஏமாந்து விரிவாக்கிய 15இல் ஒவ்வொன்றும் 60 லட்சம் தின்கிறது. கூட்டிக் கழித்து நூறால் வகுத்தால், ஒரு முயற்சிக்கு 16.6 லட்சம். பாதகக் கிளையில் விரிவாக்கினால் நஷ்டமே மிஞ்சும் என்பதால் நிறுத்துகிறோம், அங்கே மதிப்பு சுழி. இந்த 16.6 லட்சம் ஓர் ஆண்டு கழித்து வருவது. 12 சதவீத வட்டியில் இன்றைக்குக் கொண்டுவந்தால் சுமார் 14.8 லட்சம். விரிவாக்கும் உரிமையின் மதிப்பு இதுதான். அதை வாங்க நாம் கொடுக்கும் விலை முன்னோட்டத்தின் நட்டம், 6 லட்சம். மீதி 8.8 லட்சம். இன்றே கட்டினால் 4 லட்சம் நஷ்டம் தரும் அதே திட்டம், இடையில் ஒரு தடவை நின்று யோசிக்க வழி வைத்ததும் லாபக் கணக்குக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவும் எந்த மேலாண்மைப் பாடநூலிலும் கிடைக்கும். திருவண்ணாமலை சொல்லித்தரும் பாடம் அடுத்ததுதான். மேலே போட்ட 80, 25 என்ற இரண்டு எண்களும் முன்னோட்டத்தின் கூர்மையைக் காட்டுபவை. நல்ல இடத்தையும் மந்தமான இடத்தையும் அது எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதே அந்தக் கூர்மை. இப்போது முன்னோட்டத்தைப் பௌர்ணமிகளில் நடத்தி, அந்த இரவுகளின் வசூலை வைத்துத் தீர்மானிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இடம் நூற்றுக்கு 95 தடவை நிரம்பும். மந்தமான இடமும் 85 தடவை நிரம்பும், ஏனென்றால் அந்த இரவில் எல்லாமே நிரம்பும். நூறு முயற்சிகளில் சாதகம் காட்டுபவை 38உம் 51உம் சேர்ந்து 89. அவற்றில் நல்லவை நூற்றுக்கு 43கூட இல்லை. அந்தச் சாதகத்தை நம்பி விரிவாக்கினால் 38 பேர் ஆளுக்கு 80 லட்சம் சம்பாதிக்க, 51 பேர் ஆளுக்கு 60 லட்சம் இழக்கிறார்கள். கூட்டினால் சுழிக்குச் சற்றுக் கீழே. விரிவாக்கும் உரிமையின் மதிப்பு மொத்தமும் மறைந்துவிட்டது. ஊர் மாறவில்லை, தொழில் மாறவில்லை, எண்ணிய நாள்தான் தவறு. முன்னோட்டத்துக்குச் செலவிட்ட 6 லட்சம் போனது மட்டுமல்ல, கூட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற தைரியம் வேறு சேர்ந்துவிடும். அந்த தைரியம்தான் இதில் பெரிய ஆபத்து.

ஆகவே எண்ண வேண்டியது சாதாரணப் புதன்கிழமையை. பௌர்ணமி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் நீங்கலாக, ஓர் அறைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் காசு கொடுத்துக் குளித்தார்கள் என்பதே அளவுகோல். கார்த்திகையும் மார்கழியும் அதில் சேரக் கூடாது. தீபக் கூட்டமும் மாலை போட்டவர்களின் வண்டிகளும் சேர்ந்து அந்த மாதங்கள் எல்லோருக்கும் நல்ல முகம் காட்டும். வைகாசியிலும் ஆடியிலும் வந்த ஆட்களே விரிவாக்கத்துக்குச் சாட்சி. நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதினால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. எட்டு அறையில் தெரியாத பிரச்சினைகளும் உண்டு. எட்டு அறைக்குத் தண்ணீர் லாரி போதும், அறுபது அறைக்கு போர்வெல் கைகொடுக்க வேண்டும். செப்டிக் டேங்க் எத்தனை நாளுக்கு ஒரு முறை நிரம்பும் என்பதைச் சின்ன அளவில் அறிய முடியாது. இதற்கெல்லாம் முன்னோட்டத்தில் பதில் தேடாமல், நிலத்தடி நீர் பார்ப்பவரிடம் தனியாகக் கேட்பது மலிவு.

முதலில் போட்ட 40 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்குச் சுத்தமான பதில் இல்லை, சுமாரான வழி ஒன்று உண்டு. ஐந்தாண்டுக்கு முன் அதே பாதையில் இதே மாதிரித் தொழிலைத் திறந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் நடத்துகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். இன்று கண்ணில் படும் பலகைகளை மட்டும் எண்ணினால் கணக்கு ஏமாற்றும். மூடியவர்களுக்குப் பலகை இருக்காது. பக்கத்து டீக்கடைக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் அந்தப் பட்டியல் நினைவிருக்கும்.

அந்த எண் துல்லியமாக வேண்டும் என்பதும் இல்லை. அதை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் மரம் ஒரு நல்ல செய்தி சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில், நல்ல இடமாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 27க்குக் கீழே என்று நினைத்தால் முன்னோட்டம்கூட வீண், விட்டுவிடலாம். சுமார் 58க்கு மேல் என்று நினைத்தால் முன்னோட்டம் வெறும் தாமதம், நேரடியாகக் கட்டுவதே லாபம். இடைப்பட்ட பரப்பில்தான் முன்னோட்டத்துக்கு வேலை. ஒருவர் 35 என்றும் மற்றவர் 50 என்றும் சண்டையிட்டால், அந்தச் சண்டையால் முடிவு மாறப்போவதில்லை. இருவருக்கும் விடை முன்னோட்டமே.

அடுத்த சிக்கல் உரிமை யாருடையது என்பது. சந்தையில் வாங்கும் உரிமைக்குப் பத்திரம் உண்டு. விரிவாக்கும் உரிமைக்குப் பத்திரம் எங்கே? உங்கள் எட்டு அறைகளில் வரிசை நிற்பதை முதலில் பார்ப்பவர் பக்கத்து மனைக்காரர். நீங்கள் விரிவாக்கப் போகும்போது அவர் விலையை ஏற்றினால், 100 லட்சம் 115 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மரத்தில் உரிமையின் மதிப்பு 14.8 லட்சத்திலிருந்து 8.5 லட்சமாக இறங்குகிறது. வித்தியாசம் 6 லட்சத்துக்கு மேல். இதையே திருப்பிப் படித்தால் ஓர் உபயோகமான விடை கிடைக்கும். ஓர் ஆண்டுக்குள் இன்ன குத்தகைக்கு மனையைத் தருகிறேன் என்று இன்றே எழுதிக் கையெழுத்திட மனைக்காரருக்கு 6 லட்சம் வரை முன்பணம் கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்துவிடலாம். பேரம் பேசும்போது இப்படி ஓர் உச்சவரம்பு கையில் இருப்பதே இந்தக் கணக்கின் நடைமுறைப் பயன் என்று நினைக்கிறேன்.

போட்டிக்காரர் இன்னும் மோசம். முன்னோட்ட ஆண்டில் எதிர்ச்சாரியில் இருவர் இதே தொழிலைத் திறந்து, நல்ல நிலையின் வரவு 180இலிருந்து 150 லட்சமாகக் குறைந்தால், உரிமையின் மதிப்பு 6.25 லட்சம். முன்னோட்டச் செலவைக் கழித்தால் கையில் கால் லட்சம். கிரிவலப் பாதையில் ஒருவருக்கு ஓடும் தொழிலை மற்றவர் பார்த்துச் செய்ய ஆறு மாதம்கூட ஆகாது. எளிதில் பார்த்துச் செய்யக்கூடிய தொழிலுக்கு நீண்ட முன்னோட்டம் பொருந்தாது என்பது இதன் பொருள். வழி, முன்னோட்டத்தைச் சுருக்கி, வைகாசி தொடங்கி ஆவணிக்குள் முடிப்பது.

இனி ஓர் அரசு முன்னோட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள், ஒதுக்கீடு 33.56 கோடி ரூபாய். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலமெங்கும் சுமார் 31 ஆயிரம் பள்ளிகளுக்கு விரிந்தது. முதல் கட்டப் பள்ளிகளைத் தேர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. மாநகராட்சிகளில் 417, நகராட்சிகளில் 163, ஊராட்சிகளில் 728, மலைப்பகுதி உள்ளிட்ட எட்டாத இடங்களில் 237. எளிதான இடத்தை மட்டும் எடுத்திருந்தால் அது பௌர்ணமிக்கு எண்ணுவது போல் ஆகியிருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலை போன்ற இடங்களில் ஒரு பள்ளிக்குக் காலை உணவு கொண்டுசேர்ப்பது எப்படி என்பது மதுரை நகரில் நடத்திப் பார்த்தால் விளங்காது. நகரங்களில் பொதுச் சமையல் கூடத்தில் செய்து வண்டியில் அனுப்புவது, கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் பள்ளியிலேயே சமைப்பது என்று இரண்டு வழிகள் அமைந்தன.

ஆனால் மரம் வரைபவர் கேட்கும் கேள்வி இன்னொன்று: நிறுத்து என்ற கிளை உண்மையில் திறந்திருந்ததா? என் கணிப்பில் இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கிய அரசு, முடிவு மந்தம் என்று சொல்லி அதை நிறுத்துவது அரசியலில் நடக்காத காரியம். நிறுத்தும் கிளை இல்லாத மரத்தில், செய்யலாமா என்று தீர்மானிக்கும் உரிமைக்கு மதிப்பு இல்லை. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்வதற்குத்தான் மதிப்பு. அது சிறியதல்ல. ஆயினும் அதை வேறு கணக்கில் எழுத வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் பெரிய அளவிலேயே தொடங்கியதையும் இப்படிப் படிக்கலாம். காமராசர் காலத்து மதிய உணவு அனுபவம் 1956 முதலே கையில் இருந்தது. நம்பிக்கை அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது முன்னோட்டம் தாமதமாகத்தான் முடியும்.

முன்னே சொன்ன சச்சரவு இதுதான். சந்தை விலையிலிருந்து உரிமையைக் கணிக்கும் மரபினர், மரத்தில் ஒரே வட்டி விகிதத்தைப் போடுவது தவறு என்பார்கள். முன்னோட்டக் கிளையின் ஆபத்தும் விரிவாக்கிய கிளையின் ஆபத்தும் ஒன்றல்ல, பிறகு 12 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேள்வி சரி. ஆனால் அவர்களுடைய சூத்திரத்துக்கு அடிப்படைப் பொருள் சந்தையில் விலைபோவதாக இருக்க வேண்டும். எண்ணெய்க்கும் செம்புக்கும் விலை உண்டு. கிரிவலப் பாதையில் ஒரு குளியலுக்கான தேவைக்குச் சந்தை எங்கே இருக்கிறது? ஜேம்ஸ் ஸ்மித்தும் ராபர்ட் நாவும் 1995இல் சமரசம் காட்டினார்கள். சந்தையில் விலைபோகும் ஆபத்துக்குச் சந்தை விலை, திட்டத்துக்கே உரிய தனி ஆபத்துக்கு நம் சொந்த நிகழ்தகவு. நம் எடுத்துக்காட்டில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது வகை. ஆகவே மரமே போதும். வட்டியை 12க்குப் பதில் 18 ஆக்கினாலும் உரிமையின் மதிப்பு 14 லட்சத்துக்கு மேல்தான் இருக்கிறது. கூர்மையில் செய்யும் பிழை அதை முழுவதும் விழுங்கியதை நினைத்தால், எந்த எண்ணுக்காக மெனக்கெட வேண்டும் என்பது தெளிவு.

மரத்தில் இடமே பெறாத கிளைகளும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கிரிவலத்துக்கு இரண்டு ஆண்டுகள் தடை நீடித்தது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை. ஓர் ஆண்டு முன்னோட்டம் இவற்றின் நிகழ்தகவைச் சொல்லாது. இவற்றுக்கு எண் தேடுவதை விட, குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது மேல்: அரசுத் தடை உள்ள மாதங்களுக்கு வாடகை பாதி.

சின்னதாக ஆரம்பிக்கப் போகிறவர் தொடங்கும் முன்பே இரண்டு தாள்களைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில், சாதாரண நாளில் அறைக்கு எத்தனை பேர் வந்தால் விரிவாக்குவேன், எத்தனைக்குக் கீழே போனால் மூடுவேன் என்று தேதி போட்டு எழுதிப் பங்காளியிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதில் மனைக்காரரின் கையெழுத்து இருக்கட்டும்.